பணம் கட்டினோம், முதல் குறைந்ததா?

ஓய்வுபெற்ற தாயின் சேவைக்காலப் பணத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து, மகன் பெற்ற வங்கிக் கடனில் மொத்தமாகக் கட்டுவது நம் லயங்களில் வழக்கமாகிவிட்டது. முப்பது வருடம் கொழுந்து பறித்த பணம் அது. கருமபீடத்தில் பற்றுச்சீட்டைப் பெற்றதும் கடன் குறைந்துவிட்டதாக நம்பி வீடு திரும்புகிறோம். ஆனால் பற்றுச்சீட்டு, பணம் வாங்கப்பட்டதற்கு மட்டுமே சாட்சி. அது எந்தக் கணக்கில் சேர்ந்தது என்பதை அது சொல்லாது.

ஓர் உதாரணம் பார்ப்போம். கடனில் இன்னும் இருக்கும் முதல் 200,000 ரூபா. குறையும் மீதிக்கு வருடம் 18 வீத வட்டி, அதாவது மாதம் ஒன்றரை வீதம். மாதத் தவணை 10,000 ரூபா. இதில் வட்டிக்கு 3,000 போக, 7,000 முதலில் கழியும். தவணை நாளிலேயே மேலதிகமாக 80,000 ரூபாவும் கட்டினால், மீதி முதல் 113,000 ஆக இருக்க வேண்டும்.

கணக்குக்கூற்றில் 193,000 என்று இருந்தால், அந்த 80,000 ரூபா முதலில் கழிக்கப்படவில்லை. பெரும்பாலும் அது வரப்போகும் எட்டுத் தவணைகளுக்கான முற்பணமாக வைக்கப்பட்டிருக்கும். "எட்டு மாதம் கட்டத் தேவையில்லை" என்று சொன்னால் நமக்குச் சந்தோஷமாக இருக்கும். உண்மையில் சந்தேகப்பட வேண்டிய இடம் அதுதான். அடுத்த மாத வட்டியும் காட்டிக்கொடுக்கும்: முதல் குறைந்திருந்தால் 1,695 ரூபா, குறையாவிட்டால் 2,895 ரூபா. ஒரே மாதத்தில் 1,200 ரூபா நட்டம்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் ஒரு கணக்குக்கூற்றும், கட்டிய பின் இன்னொன்றும் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலத்தில் இருந்தால் 'கெப்பிட்டல்' என்ற நிரலைப் பாருங்கள். "இத்தொகையை முதலில் கழிக்கவும்" என்று கடிதம் கொடுத்து, பிரதியில் முத்திரை பெறுங்கள்.

சிறு வித்தியாசம் எல்லாம் மோசடியல்ல. மாத நடுவில் கட்டினால் அதுவரையான நாட்களின் வட்டி முதலில் எடுக்கப்படும். நிலுவைத் தவணையும் தண்ட வட்டியும், ஒப்பந்தத்தில் இருந்தால் கட்டணமும் கழியலாம். அவற்றை வரி வரியாகக் காட்டச் சொல்லுங்கள். ஆரம்பத்திலேயே முழுக் காலத்துக்கும் வட்டியைக் கூட்டிப் பிரித்த கடன்களுக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது. அங்கே வட்டி எவ்வளவு தள்ளுபடியாகும் என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும்.

கணக்கு ஒத்துவராவிட்டால், இரு கூற்றுகளையும் பற்றுச்சீட்டையும் இணைத்து முகாமையாளரிடம் எழுத்தில் முறையிடுங்கள். பணம் கட்டிய திகதியிலிருந்தே முதலைக் குறைத்து, அதிகமாக எடுத்த வட்டியைத் திருப்பித் தரும்படி கேளுங்கள். பதில் கிடைக்காவிட்டால் இலங்கை மத்திய வங்கியிடம் முறையிடலாம். தோட்டத் தலைவர்கள் இந்தக் கடிதங்களை எழுத உதவ வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.