பத்தாம் நாளின் பசி

ஆண்டுதோறும் முஹர்ரம் பத்தாம் நாளன்று 'முஹர்ரம் பண்டிகை வாழ்த்துகள்' என்று யாரேனும் ஒருவர் அனுப்பிவிடுகிறார். நல்லெண்ணத்தில் எழுந்த பிழை அது. அதைத் திருத்த வருவோர் அடுத்த பிழையைச் செய்கின்றனர்: 'அது துக்க நாள், ஷியாக்கள் அழுவார்கள், சுன்னிகளுக்கு அதில் ஒன்றுமில்லை.' இரண்டு கூற்றுகளும் அந்நாளைத் தட்டையாக்கிவிடுகின்றன என்பதே என் கருத்து. ஆஷூரா எனப்படும் அந்நாளை விளங்கிக்கொள்ள, அன்று யார் எதற்காகப் பசித்திருக்கிறார் என்று கேட்பதே நல்ல வழி.

சுன்னி முஸ்லிம்களின் ஆஷூரா நோன்பு கர்பலாவுக்கு முந்தையது. 622இல் நபிகள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தபின், அங்கிருந்த யூதர்கள் அந்நாளில் நோன்பிருக்கக் கண்டார். பிர்அவ்னிடமிருந்து மூஸாவும் அவர் மக்களும் மீட்கப்பட்ட நாள் என்று அவர்கள் காரணம் கூறினர். மூஸாவுக்கு நாங்களும் நெருங்கியவர்களே என்று சொல்லி அவரும் நோன்பிருந்தார் என்பது ஹதீஸ் நூல்கள் தரும் செய்தி. ரமலான் நோன்பு கடமையானபின் இது விரும்பியோர் நோற்கும் நோன்பாயிற்று. அடுத்த ஆண்டு உயிரோடிருந்தால் ஒன்பதாம் நாளும் நோற்பேன் என்று அவர் சொன்னதாக வருவதால், இன்றும் பலர் ஒன்பது, பத்து ஆகிய இரு நாட்களும் நோற்கின்றனர். வைகறைக்கு முன் நிய்யத் வைத்து, சூரியன் மறைந்ததும் திறக்கும் நோன்பு இது. இந்தப் பசியின் பொருள் நன்றி.

அறுபது ஆண்டுகளுக்குள் அதே தேதியில் வேறொன்று நிகழ்ந்தது. 680ஆம் ஆண்டு, ஹிஜ்ரி 61இல், யஸீதின் ஆட்சியை ஏற்க மறுத்த நபியின் பேரர் ஹுசைன், கர்பலா வெளியில் தம் சிறு கூட்டத்தோடு சூழப்பட்டார். ஏழாம் நாளிலிருந்து யூப்ரடீஸ் ஆற்றுநீர் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. பத்தாம் நாள் பிற்பகலில் அவர் கொல்லப்பட்டார். தண்ணீர் கொணரச் சென்ற தம்பி அப்பாஸ் கைகள் வெட்டுண்டு வீழ்ந்ததையும், கைக்குழந்தை அம்புபட்டு இறந்ததையும் ஷியா மரபு இன்றளவும் சொல்லிச் சொல்லி அழுகிறது.

இந்நாளில் பக்தியுள்ள ஷியாக்களும் உண்பதில்லை, பருகுவதில்லை. ஆனால் அதை நோன்பு என்று அவர்கள் சொல்வதில்லை. உருது பேசும் ஷியாக்கள் அதை 'ஃபாகா' என்பர். பட்டினி என்பது அதன் பொருள். அதற்கு நோன்பின் நிய்யத் கிடையாது. மாலைவரை நீட்டாமல், ஹுசைன் வீழ்ந்த வேளையாகிய அஸர் பொழுதை ஒட்டி எளிய உணவோடு முடித்துக்கொள்வர். நோன்பு நன்றியின் வடிவம். அவரைக் கொன்றோர் மகிழ்ந்த நாளில் நன்றி கூறுவதுபோல் ஆகிவிடக்கூடாது என்பதே அவர்கள் அச்சம். அருகருகே வாழும் இரு வீட்டாரின் அடுப்புகள் அன்று எரியாதிருக்கலாம். ஒரு வீட்டில் அது வழிபாடு, மறுவீட்டில் அது இழவு.

துருக்கியின் அலெவிகள் மூன்றாவது வழியொன்றைக் காட்டுகின்றனர். பன்னிரண்டு இமாம்களின் நினைவாக முஹர்ரத்தில் பன்னிரண்டு நாட்கள் நோன்பிருக்கும் அவர்கள், மாலையில் நோன்பு திறந்தபின்னும் வெறும் தண்ணீரைப் பருகுவதில்லை. தேநீரோ மோரோ அருந்துவர், இறைச்சி உண்பதில்லை. கர்பலாவின் தாகத்தை அன்றாட உணவுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் முறை இது. நோன்பு முடிந்ததும் தானியங்களும் உலர்பழங்களும் சேர்த்து 'அஷூரே' என்னும் இனிப்புக் கஞ்சி காய்ச்சி ஊருக்குப் பகிர்வர். ஹுசைனின் மகன் ஜைனுல் ஆபிதீன் உயிர் தப்பியதற்கு நன்றியாம் அது. அங்குள்ள சுன்னிகளும் அதே கஞ்சியைக் காய்ச்சுகின்றனர். ஆனால் அவர்கள் சொல்லும் கதை நூஹ் நபியின் கப்பல் கரைசேர்ந்ததும், எஞ்சிய தானியங்களைக் கலந்து சமைத்ததும் பற்றியது. பானை ஒன்று, கதை இரண்டு.

நம் செய்தித்தாள்களுக்கோ இவை எவையும் கண்ணில் படுவதில்லை. குருதி வழியும் முதுகின் படம் ஒன்றே அவர்களுக்குப் போதும். தலையில் வாளால் கீறிக்கொள்ளும் வழக்கத்தை 1994இல் ஈரானின் உச்சத் தலைவராயிருந்த அலி காமெனெயியே கண்டித்தார் என்பதும், அதற்குப் பதிலாகக் குருதிக்கொடை அளிக்கும் ஷியாக்கள் பலர் உண்டு என்பதும் அப்படத்தின் கீழ் அச்சாவது அரிது. ஊர்வலப் பாதைகளில் வழிப்போக்கர் எவர்க்கும் தண்ணீர் வழங்கும் 'சபீல்' பந்தல்களும் படமாவதில்லை. நீர் மறுக்கப்பட்டவரின் பெயரால் நீர் வழங்குவதைக் காட்டிலும் அந்நாளைத் தெளிவாகச் சொல்லும் காட்சி வேறு எது?

சுன்னிகளுக்குக் கர்பலா பொருட்டல்ல என்பதும் உண்மையன்று. ஹுசைன் அவர்களுக்கும் நபியின் பேரர்தாம்; அவர் கொலை அவர்களுக்கும் கொடுமைதான். ஆண்டுதோறும் அழுவதை வழிபாடாக்கலாமா என்பதில்தான் வேறுபாடு. அந்த வேறுபாடு மெய்யானது. 'எல்லாம் ஒன்றுதான்' என்று நாம் அதை மழுப்பவேண்டியதில்லை. வாழ்த்து அனுப்புமுன், அந்த நண்பர் இன்று ஏன் உண்ணவில்லை என்று கேட்டறிந்தால் போதும்.