மைந்தனோடு பார்க்கத்தக்க படம்

தந்தை மைந்தர் உறவைப் பொருளாகக் கொண்ட திரைப்படங்கள் பல. நம்மோடு பேச்சைக் குறைத்துக்கொண்ட பதினாறு வயது மைந்தனை அருகிருத்திப் பார்ப்பதற்கு அவற்றுள் எதனைத் தேர்வது? தந்தையின் பெருமை பேசும் படத்தையே நம்மனோர் முதலில் நாடுவர். 2008இல் வெளிவந்த ‘வாரணம் ஆயிரம்’ அத்தகையது. இறந்துபட்ட தந்தையை மகன் நினைந்துருகும் கதை; படத்திற் குறை கூறுதற்கில்லை. ஆயினும், விலகி நிற்கும் மைந்தனுக்கு அதனைக் காட்டுதல், ‘என்னையும் இவ்வாறு மதிப்பாயாக’ என விண்ணப்பம் நீட்டுவது போலாம். பிள்ளைகள் இதனை விரைவில் உணர்ந்துவிடுவர். நல்லுரை வருமிடத்து நாம் அவனைக் கடைக்கண்ணால் நோக்க, அவன் கைத்தொலைபேசியை எடுப்பானாயின், தேர்வு பிழைத்தது என்றறியலாம்.

தந்தையின் தளர்ச்சியை மகன் நேரிற் காணும் படமே ஏற்றது என்பது எனது துணிபு. 1948இல் இத்தாலியரான விற்றோரியோ டி சிக்கா ஆக்கிய ‘துவிச்சக்கர வண்டித் திருடர்’ அவ்வகையில் தலையாயது. உரோமாபுரியில் நெடுநாள் வேலையின்றி இருந்த அன்ரோனியோவுக்குச் சுவரொட்டி ஒட்டும் தொழில் கிடைக்கிறது. அதற்கு வண்டி வேண்டும். மனைவி படுக்கை விரிப்புகளை அடகு வைத்து வண்டியை மீட்கிறாள். முதல் நாளிலேயே அது களவு போகிறது. சிறுவன் புறூனோவுடன் தந்தை நகரெங்கும் தேடுகிறான்.

இடையில் எரிச்சலுற்று மகனை அறைந்துவிடுகிறான். சிறிது நேரத்தில் ஆற்றில் ஒரு பையன் மூழ்குகின்றான் என்ற கூக்குரல் எழுகிறது, தந்தை பதறியோடுகிறான். மூழ்கியவன் வேறொருவன். அதன்பின் அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. மகனை உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறான். நம் வீடுகளிலும் சமாதானம் பெரும்பாலும் இவ்வழியே நிகழ்வதாம்.

முடிவில் மகனை ட்ராம் வண்டியில் ஏறிப்போகச் சொல்லிவிட்டு, தந்தை தானே ஒரு வண்டியைத் திருடிப் பிடிபடுகிறான். ட்ராமைத் தவறவிட்ட மகன் அனைத்தையும் காண்கிறான். கீழே விழுந்த தந்தையின் தொப்பியை எடுத்துத் தூசி தட்டுகிறான். அழுதுநிற்கும் பிள்ளையைக் கண்ட உரியவர், வழக்கின்றி விட்டுவிடுகிறார். புறூனோ தந்தையின் கையைப் பற்றிக்கொள்கிறான். உரையாடல் மிகுதியாக இல்லை.

கறுப்பு வெள்ளைப் படம், அயல்மொழி, அடியெழுத்துகள் என்பன இக்கால மாணாக்கருக்குத் தடையே. புறூனோ என் மகனினும் மிக இளையவன் என்பதும் உண்மை. ஆனால் படம் ஒன்றரை மணி நேரமே. வண்டி களவு போனபின் தேடலே பார்ப்பவரை ஈர்த்துச் செல்லும். இடையில் நிறுத்தி விளக்கவுரை கூறுதல் மட்டும் ஆகாது. பண்டிதர்க்கு இஃது அரிதுதான்.

படம் முடிந்ததும் என் மகன், “அப்பா, கடைசிவரைக்கும் அந்தச் சைக்கிள் கிடைக்கேல்லையோ?” என்றான். இல்லையென்றேன். முறைப்பாட்டைப் பொலிசார் பொருட்படுத்தாமை பற்றி அவன் நெடுநேரம் பேசினான். தந்தையரைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை.