தண்டவாளத்தில் வைத்த கல்

மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் ஆணிமாண்டவ்யர் கதை வருகிறது. கள்வர்கள் தம் ஆசிரமத்தில் ஒளித்துவைத்த பொருளுக்காகக் கழுவேற்றப்பட்ட அம்முனிவர், பின்னர் தருமதேவனிடம் சென்று, தான் செய்த பாவம் யாது என்று கேட்கிறார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தியதே காரணம் என்று பதில் வருகிறது. அறியாப் பருவத்துச் செயலுக்கு இத்தனை பெரிய தண்டனையா என வெகுண்ட மாண்டவ்யர், தருமனை மண்ணில் பிறக்கும்படி சபிக்கிறார். விதுரன் பிறந்தது அப்படித்தான். அத்தோடு, 14 வயதுக்குள் செய்யும் எதுவும் பாவமாகாது என்று ஓர் எல்லையையும் வகுத்துவிடுகிறார்.

இக்கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் போத்தனூர்த் தண்டவாளம் நினைவுக்கு வரும். சந்திப்பு நிலையத்தை ஒட்டி வளர்ந்த பிள்ளைகளில், தண்டவாளத்தில் நாணயம் வைத்துத் தட்டையாக்கிப் பார்க்காதவர் குறைவு. எனக்கு எட்டு வயதிருக்கும். நாணயம் தீர்ந்துபோன ஒருநாள், ஜல்லிக்கல் ஒன்றை எடுத்து வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பற்றியது. பாதையைச் சோதித்துக்கொண்டு வந்த கேங்மேன். அடிக்கப்போகிறார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ, "ஏங்கண்ணு, இதை வெச்சா என்னாகும்?" என்று கேட்டார். "பொடியாயிருமுங்க" என்றேன். "ரயிலுக்கு?" என்றார். எனக்கு விளங்கவில்லை. ரயிலுக்கு என்ன ஆகும்? அவர் கல்லை எடுத்து எறிந்துவிட்டு, சக்கரத்தின் உள்விளிம்பு எவ்வளவு மெல்லியது என்று விரலால் அளந்து காட்டினார்.

அவர் கேட்ட இரண்டு கேள்விகளைத்தான் நமது குற்றவியல் சட்டமும் கேட்கச் சொல்கிறது என்பதைப் பல ஆண்டுகளுக்குப் பின்னர் அறிந்தேன். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 82ஆம் பிரிவில், ஏழு வயது நிரம்பாத குழந்தை செய்யும் எதுவும் குற்றமன்று என்றது. ஏழுக்கு மேல் பன்னிரண்டுக்குள் இருப்பவரைப் பற்றியது 83ஆம் பிரிவு. தன் செயலின் தன்மையையும் விளைவையும் அந்தச் சந்தர்ப்பத்தில் எடைபோடும் அளவுக்கு முதிர்ச்சி பெறாத குழந்தை குற்றவாளி ஆகாது என்பது அதன் சாரம். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் 20, 21ஆம் பிரிவுகளாக இவை அப்படியே நீடிக்கின்றன.

இதில் என்னை ஈர்ப்பது 'அந்தச் சந்தர்ப்பத்தில்' என்ற சொற்றொடர். மாண்டவ்யர் வயதைக் கொண்டு கோடு கிழித்தார். 83ஆம் பிரிவோ, இந்தக் குழந்தைக்கு இந்தச் செயல் எவ்வளவு புரிந்தது என்று கேட்கிறது. ஒரே சிறுவன் ஒரே நாளில் ஒரு செயலுக்குப் பொறுப்பாளியாகவும் இன்னொன்றுக்குப் பொறுப்பற்றவனாகவும் இருக்கலாம். கல்லை வைத்தவனுக்குக் கல் பொடியாகும் என்பது தெரியும்; பத்துமுறை கண்ணால் கண்டிருக்கிறான். அந்த அனுபவமே ரயிலுக்கு ஒன்றும் நேராது என்று அவனை நம்பவைக்கிறது. ஓடும் ரயிலின் மீது கல்லெறிபவன் கதை வேறு. கல் பட்டால் வலிக்கும் என்பதை அவன் தன் உடம்பிலேயே அறிந்திருக்கிறான். ஆனால் அவனுக்கும் முழுதாகத் தெரியாது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அவன் எறியும் கல், 90 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வரும் வண்டியில் 126 கிலோமீட்டர் வேகத்தில் மோதும். தாக்கும் ஆற்றலோ நின்ற வண்டியில் படுவதைப்போல் பன்னிரண்டு மடங்கு. அவன் அறிந்தது தன் கையின் பலத்தை மட்டுமே. காயப்படுத்த நினைத்ததற்கு அவனைக் கடிந்துகொள்ளலாம்; ஒரு கண் போனதன் முழுப்பழியையும் அவன்மேல் ஏற்றுவது நியாயமாகாது.

புரிதலை அளப்பது எளிதன்று. சென்னை உயர்நீதிமன்றத்தின் 1883ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றைச் சட்டப் பாடநூல்கள் இன்றும் எடுத்துக்காட்டுகின்றன. ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று, இரண்டு ரூபாய் எட்டணா மதிப்புள்ள கழுத்தணியைத் திருடி, உடனே ஒருவனிடம் ஐந்தணாவுக்கு விற்றுவிட்டது. வாங்கியவன்மேல் திருட்டுப் பொருளை வாங்கிய வழக்கு. அது திருட்டுப் பொருள் என்றாக வேண்டுமானால், குழந்தைக்குத் திருடும் அளவுக்கு அறிவு இருந்திருக்க வேண்டும். உடனே விற்றதே அந்த முதிர்ச்சிக்குச் சான்று என்று நீதிமன்றம் முடிவுசெய்தது.

எனக்கு இத்தீர்ப்பில் மனம் ஒப்பவில்லை. நாற்பதணாப் பொருளை எட்டில் ஒரு பங்கு விலைக்குக் கொடுத்த குழந்தைக்கு, தான் எடுத்த பொருளின் அருமை தெரிந்திருந்தது என்று எப்படிச் சொல்வது? அருமை தெரிந்தவன் வாங்கியவன். தன்னுடையது அல்லாததை எடுத்தோம் என்பது குழந்தைக்குத் தெரிந்திருக்கலாம். அதனால் உடையவருக்கு நேரும் இழப்பு தெரிந்திருக்குமா என்பது வேறு கேள்வி. செயலின் தன்மை, விளைவு என்று சட்டம் இரண்டாகச் சொன்னதை, அவசரமாக விற்ற ஒரே நிகழ்ச்சியைக் கொண்டு தீர்த்துவிட்டார்கள். ஓடியது, ஒளித்தது, பொய் சொன்னது ஆகியவற்றைக் கொண்டு அறிவை ஊகிக்கும்போதும் இந்தப் பிழைதான் நேர்கிறது. பாலைக் கொட்டிய குழந்தையும் ஓடி ஒளிகிறது. அடிக்குப் பயந்தது என்பதற்குமேல் அதில் சான்று ஒன்றுமில்லை.

இன்னொரு சங்கடமும் உண்டு. ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடைப்பட்ட குழந்தைக்கு முதிர்ச்சி இல்லை என்று காட்டவேண்டிய பொறுப்பு நம் நாட்டில் குழந்தையின் தரப்பையே சாரும். தனக்கு என்ன புரியவில்லை என்பதை ஒன்பது வயதுக் குழந்தை எப்படி எடுத்துச் சொல்லும்? 'ரயிலுக்கு என்னாகும்' என்று கேட்கப்படும்வரை, அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்குத் தெரியாது.

இழப்பு பெரிதாகும் இடத்தில் சட்டமே தன் கேள்வியை மறந்ததும் உண்டு. அதுவும் ரயில் விஷயத்தில்தான். 1890ஆம் ஆண்டின் இந்திய ரயில்வே சட்டத்தில் 130ஆம் பிரிவு, 82, 83ஆம் பிரிவுகள் என்ன சொன்னபோதிலும், பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர் ரயில் பயணிகளுக்கு ஆபத்து விளைவித்தால் அது குற்றமே என்றது. ஆண்பிள்ளையானால் கசையடி தரலாம். அல்லது இனி அவ்வாறு செய்யாமல் தடுப்பதாகத் தகப்பனிடமோ பாதுகாவலரிடமோ பிணைமுறி எழுதி வாங்கலாம். ஐந்து வயதுக் குழந்தைக்கும் இது பொருந்தும்! எத்தனை உயிர்கள் போகக்கூடும் என்ற அச்சத்தில், குழந்தைக்கு என்ன தெரியும் என்பது கணக்கிலிருந்து நழுவிவிட்டது. விளைவு பெரிதாகப் பெரிதாக, அதைக் குழந்தை முன்கூட்டி அறிந்திருக்கும் வாய்ப்பு குறையத்தானே செய்யும்? கசையடித் தண்டனையை 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. 1890ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 1989இல் புதிய ரயில்வே சட்டம் வந்தது. ஆயினும் அந்தப் பழைய பிரிவின் பிற்பாதியில் ஒரு நியாயம் இருந்ததாகவே நினைக்கிறேன். பிள்ளையைத் தடுக்கும் கடமை, ஆபத்தை அறிந்த பெரியவர் மேல் விழுந்தது.

இன்று பதினெட்டு வயதுக்குட்பட்டவர் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன்தான் நிறுத்தப்படுகிறார் என்பதால், ஒன்பது வயதுச் சிறுவன் சிறைக்குப் போகப்போவதில்லை. ஆனால் குழந்தைகள் மீதான பெரும்பாலான வழக்குகள் வீட்டிலும் வகுப்பிலும் தெருவிலும் நடப்பவை. அங்கே தீர்ப்பு ஒரு நொடியில் வழங்கப்படுகிறது. அன்று அந்த கேங்மேன் என்னை அடித்திருந்தால், தண்டவாளத்தின் பக்கம் போனால் அடிவிழும் என்று மட்டும் கற்றிருப்பேன். அவர் சொல்லித் தந்தபிறகு, இன்னொரு முறை கல் வைத்திருந்தால் அது என் குற்றம். என் பொறுப்பு தொடங்கிய வயது எட்டா பதினான்கா என்று கேட்டால், அவர் விரலால் அளந்து காட்டிய அந்த மாலையைத்தான் சொல்வேன்.