பதினாலு நாளா, பத்து நாளா? கொம்பனிக்குள்ள ஒரு பொட் செய்யப் போறவைக்கு

எங்களில் ரெண்டு பேர் வேலை செய்த ஒரு கொம்பனியில் ஊழியர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஒரு பொட் செய்தார்கள். லீவு, ஓவர்டைம், மெடிக்கல் கிளெய்ம் எண்டு எதையும் கேட்கலாம். மே மாதம் வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி, "அடுத்த வருசம் எனக்கு எத்தினை நாள் வருடாந்த லீவு?" எண்டு கேட்டான். பொட் யோசிக்காமல் "14 நாட்கள்" எண்டது. அவனும் அதை நம்பி அக்காவின்ர கலியாணத்துக்கு லீவு எடுத்தான். சம்பளத்தில் நாலு நாள் வெட்டு விழுந்தது.

பொட் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர்கள் சட்டத்தின் கீழ் வருடாந்த லீவு 14 நாள்தான். ஆனால் வேலைக்குச் சேர்ந்ததற்கு அடுத்த வருசத்துக்கு மட்டும் வேறு கணக்கு. ஜனவரி முதல் மார்ச்சுக்குள் சேர்ந்தவருக்கு 14, ஏப்ரல் முதல் ஜூனுக்குள் 10, ஜூலை முதல் செப்டெம்பருக்குள் 7, அதற்குப் பிறகு 4. அந்தத் தம்பிக்கு 10.

இந்தப் பிழைக்குப் பிறகு நடந்த கூட்டத்தில் மேலே இருந்தவர்கள் சொன்னது: "எங்கட டேட்டாவில மொடலை ட்ரெயின் பண்ணுவம், எல்லாம் சரியாகும்." இதை இப்ப கனக்க இடங்களில் கேட்கிறோம். இது பெரும்பாலும் பிழையான முடிவு எண்டுதான் நாங்கள் நினைக்கிறோம். ஏன் எண்டு சொல்கிறோம்.

வழிகள் மூன்று. புதுசா ஒருவர் வேலைக்கு வந்திருக்கிறார் எண்டு வைப்போம். "இப்படிப் பதில் சொல்லு, தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லு" என்று அறிவுறுத்துவது புரொம்ப்ட். ஆயிரம் கேள்வி-பதில் குடுத்து அவரின் பழக்கத்தையே மாற்றுவது பைன் டியூனிங். கேள்வி வந்ததும் சரியான பைலைத் தேடி, அந்தப் பக்கத்தை அவரின் கையில் குடுத்து, "இதைப் பார்த்துச் சொல்லு" என்பது ரிட்ரீவல்.

பைன் டியூனிங் மொடலின் நடையை நல்லா மாற்றும். ஆனால் ஒரு கைநூலில் ஒரே ஒருமுறை வருகிற விபரத்தை அதால் நம்பிக்கையாக ஏற்ற முடியாது. மொடல் ஏற்கெனவே எத்தனையோ இடத்தில் "14 நாள்" எண்டு வாசித்திருக்கும். அதுக்கு மேல் எங்கட ஒரு வரி "10" எண்டால் எது வெல்லும்? பழையதுதான் வெல்லும், அதுவும் எங்கட கொம்பனியின் பாஷையில், இன்னும் நம்பிக்கையான குரலில்.

இன்னும் ரெண்டு சிக்கல் இருக்கு. நாளைக்கு ஒரு சுற்றறிக்கை வந்து விதி மாறினால், பழையதை மட்டும் மொடலுக்குள் இருந்து கிள்ளி எடுக்க ஏலாது. அதோட, மனேஜர் மட்டும் பார்க்க வேண்டிய சம்பளப் பட்டியலையும் சேர்த்துப் பழக்கினால், கேட்கிற ஆளைப் பார்த்து அதை மறைக்க நம்பகமான வழி இல்லை. ரிட்ரீவலில் தேடுறதுக்கு முதலே இவருக்கு இந்த பைல் காட்டலாமா எண்டு வடிகட்டலாம்.

அப்ப அந்தத் தம்பிக்கு ஏன் பிழையான பதில் வந்தது? இந்த பொட் ரிட்ரீவலில்தானே ஓடியது? இங்கதான் எல்லாரும் தவற விடுகிற ஒரு சோதனை இருக்கு. தேடலை விட்டிட்டு, சரியான பக்கத்தை நாங்களே கையால் புரொம்ப்டில் ஒட்டி, அதே கேள்வியைக் கேட்டுப் பார்க்க வேணும். பதில் சரியாக வந்தால் மொடலில் பிழை இல்லை, தேடல்தான் சரியான பக்கத்தைக் கொண்டு வரவில்லை. பக்கம் கையில் இருந்தும் பிழையாகச் சொன்னால்தான் புரொம்ப்டையோ மொடலையோ சந்தேகப்பட வேணும்.

நாங்கள் ஒட்டிப் பார்த்தோம். உடனே "10 நாட்கள்" எண்டு வந்தது.

பிறகு தேடல் கொண்டு வந்த துண்டுகளை எடுத்து வாசித்தோம். கைநூலைக் குறித்த நீளத்துக்கு ஒரு வெட்டு எண்டு கண்ணை மூடிக்கொண்டு துண்டு போட்டிருந்தார்கள். லீவு அட்டவணையின் தலைப்பு ஒரு துண்டில், வரிகள் அடுத்த துண்டில். அந்த இரண்டாம் துண்டில் "ஏப்ரல் 1 – ஜூன் 30: 10" எண்டு மட்டும் கிடக்கு, லீவு என்ற சொல்லே இல்லை. லீவைப் பற்றிக் கேட்டால் அது எப்படி அகப்படும்? பொதுவாக "14 நாள்" எண்டு எழுதிய பந்திதான் முன்னுக்கு வந்தது.

தமிழ்ப் பிரதியைத் திறந்தால் இன்னொரு கூத்து. அது பாமினி எழுத்துருவில் டைப் செய்தது. கண்ணுக்கு "விடுமுறை" எண்டு தெரியும், ஆனால் கம்பியூட்டருக்குள் இருப்பது `tpLKiw`. யுனிகோட்டில் கேள்வி கேட்கிற ஆளுக்கு அந்தப் பக்கம் ஒருநாளும் வராது. எங்கட நாட்டில் பழைய தமிழ்ச் சுற்றறிக்கைகள் கனக்க இப்படித்தான் கிடக்கு. ஒரு பக்கத்தை கொப்பி பண்ணி நோட்பாட்டில் ஒட்டிப் பார்த்தால் ஒரு நிமிசத்தில் தெரிஞ்சிடும்.

திருத்தம் பெரிய வித்தை இல்லை. பாமினியை யுனிகோட்டுக்கு மாற்றினோம். பிரிவு பிரிவாக வெட்டி, அட்டவணையை உடைக்காமல் தலைப்போடு ஒரே துண்டாக வைத்தோம். படிவ இலக்கம் போன்றவைக்கு, கருத்தைப் பொருத்துகிற தேடலோடு சொல்லுக்குச் சொல் பொருத்துகிற பழைய தேடலையும் சேர்த்தோம். மொடலில் கை வைக்கவே இல்லை.

புரொம்ப்டிலும் மூன்று வரி சேர்த்தோம்: தந்த பக்கத்தில் இல்லாவிட்டால் இல்லை எண்டு சொல்லு, எந்தப் பிரிவில் இருந்து எடுத்தாய் எண்டு எழுது, சேர்ந்த திகதி தெரியாமல் லீவுக் கணக்குச் சொல்லாதே, முதலில் கேள். கடைசி வரி இல்லாட்டி சரியான அட்டவணை கையில் இருந்தாலும் பொட் ஊகிக்கும். ஆனால் புரொம்ப்ட் எவ்வளவு நல்லா எழுதினாலும், தேடிக் கொண்டு வராத பக்கத்தை அது உண்டாக்காது.

சின்னக் கொம்பனிக்கு இன்னொரு சங்கதி. மொத்த விதிகளும் முப்பது, நாப்பது பக்கம்தான் எண்டால் தேடலே வேண்டாம், முழுதையும் புரொம்ப்டோடு குடுத்துப் பாருங்கோ. செலவை மட்டும் கணக்குப் போடுங்கோ, பல மொடல்களில் அதே விசயம் தமிழில் ஆங்கிலத்தை விடக் கூட டோக்கன் எடுக்கும்.

பைன் டியூனிங் வேண்டாத சாமான் எண்டு நாங்கள் சொல்லவில்லை. `enakku ethanai naal leave iruku` எண்டு ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிற ஆக்களின் கேள்வியை விளங்கி எந்தப் பிரிவுக்கு அனுப்புறது எண்டு பிரிக்க, பதிலை எப்பவும் ஒரே வடிவத்தில் வாங்க, அது உதவும். அதாவது பழக்கம் மாற வேண்டிய இடத்தில். அதுக்கும் சரி பார்த்த சில நூறு உதாரணங்களாவது வேணும், புரொம்ப்டால் முடியாது எண்டு பார்த்த பிறகு.

எங்கட கட்சி இதுதான்: விபரம் தெரியாமல் பிழை விட்டால் பக்கத்தைத் தேடிக் குடு, நடந்துகொள்கிற விதம் பிழை எண்டால் முதலில் புரொம்ப்டைத் திருத்து, அதுக்கும் மசியாட்டித்தான் பைன் டியூனிங். எது எண்டு தெரியாட்டி அந்த ஒட்டிப் பார்க்கிற சோதனையைச் செய். ஊழியர்கள் உண்மையில் கேட்ட ஒரு அம்பது கேள்விகளை, சரியான பதிலோடு எழுதி வைத்து, ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் திருப்பிக் கேள்.

நாங்கள் ரிட்ரீவல் பக்கம் நிக்கிறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. இப்ப அந்த பொட் பதிலுக்குக் கீழே கைநூலின் பிரிவையும் பக்கத்தையும் காட்டுது. தம்பி அதைத் திறந்து தானே வாசிக்கலாம். நாளைக்கு சம்பளத்தில் பிழையா வெட்டினால், அந்தப் பக்கத்தைக் கொண்டுபோய் எச்ஆர் மேசையில் வைக்கலாம். "பொட் சொன்னது" எண்டு சொல்லிப் போனால் யார் கேட்கப் போகினம்?