அடகு போவது நம் உறவுகள்

அடகுக்கடைக்காரன் தோட்டைக் கேட்பான். தொலைபேசியில் வரும் கடன் செயலி நகையோ பிணையோ கேட்பதில்லை. "தொடர்புகளைப் பார்க்க அனுமதிக்கிறீர்களா?" என்றுதான் கேட்கிறது. அழுத்திவிட்டால் கணக்கப்பிள்ளை முதல் கிளிவெட்டியில் கட்டிக்கொடுத்த மகளின் மாமியார் வரை அத்தனை பேரின் இலக்கங்களும் அவன் கையில். தோட்டை மீட்கலாம், இதை மீட்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10,000 ரூபாய் கடனில் 3,000 கட்டணமாகப் பிடித்து, 7,000 தந்து, ஏழாம் நாள் 10,000 கேட்டால், ஒரு கிழமைக்கே நூற்றுக்கு 43 வட்டி! தவணை தவறினால் உறவினருக்கெல்லாம் "இவள் திருடி" என்று செய்தி போகும். வட்டிக்காரன்கூட இப்படிச் செய்யமாட்டான்.

2020 இல் தெலங்கானாவில் இந்த மிரட்டலால் உயிர்கள் போயின. 2022 இல் இந்திய ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்றது. 2023 மே 31 முதல் கூகுள் பிளே ஸ்டோரும் அதைத் தடுத்துவிட்டது. ஆகவே தொடர்புகளைக் கேட்கும் கடன் செயலி விதியை மீறும் செயலி. அந்த இடத்திலேயே மறுத்து மூடிவிடுங்கள்.

அகப்பட்டவர்கள் இன்னொரு செயலியில் வாங்கி இதை அடைக்கவேண்டாம். அவசரப்பட்டுச் செயலியை அழிக்கவும் வேண்டாம். போன பட்டியல் திரும்பாது, ஆதாரம்தான் அழியும். மிரட்டல் செய்திகள், அழைத்த இலக்கங்கள், பணம் கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வேறு தொலைபேசிக்கு அனுப்புங்கள். உறவினருக்கு நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள். பிறகு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101க்கு அழையுங்கள். கடன் கொடுத்தவன் அனுமதி பெற்றவனா என்று மத்திய வங்கியின் 1935 இல் விசாரியுங்கள். மிரட்டலுக்குப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். முறைப்பாட்டு இலக்கம் வாங்காமல் வெளியே வராதீர்கள். "கடன் வாங்கியது நீதானே" என்று திருப்பி அனுப்பினால், தோட்டக் கமிட்டித் தலைவரைக் கூட்டிக்கொண்டு மறுபடி போங்கள்.