தையலை நனைக்கலாமா? சிசேரியன் முடிந்து வீடு திரும்பும் தாயின் காயப் பராமரிப்பு குறித்து எங்கள் நிலைப்பாடு

பிரசவ வார்டிலும் கிராமத்திலும் வேலை செய்யும் செவிலியர்கள் சேர்ந்தது எங்கள் அமைப்பு. சிசேரியன் ஆன தாய்மார் கொண்டுபோகும் டிஸ்சார்ஜ் சீட்டில் பெரும்பாலும் மூன்று வரிதான் இருக்கிறது. ‘காயத்தை உலர்வாக வைக்கவும். சிவந்தாலோ சீழ் வந்தாலோ வரவும். ஆறு வாரம் கழித்து பரிசோதனைக்கு வரவும்.’ மூன்றும் தப்பில்லை. ஆனால் மூன்றுமே வீட்டுக்குப் போனதும் வேறு அர்த்தம் பெற்றுவிடுகின்றன. இந்த மூன்று வரியையும் மாற்ற வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019-21) தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். ஆகவே இது ஏதோ சிலருக்கான சீட்டு அல்ல.

முதல் வரியிலிருந்து தொடங்குவோம். ‘உலர்வாக வைக்கவும்’ என்பதை வீட்டில் ‘தண்ணீரே படக் கூடாது’ என்று புரிந்துகொள்கிறார்கள். பச்சை உடம்பு, தையல் வேறு போட்டிருக்கிறது, நனைந்தால் சீழ் பிடிக்கும் என்று பாட்டி சொன்னால் மறுக்க அந்த வீட்டில் யாருக்கும் தைரியம் இருக்காது. முதுகுக்கும் தலைக்கும் வெந்நீர் ஊற்றுவார்கள். அடிவயிற்றை மட்டும் துணியால் ஒற்றி விட்டுவிடுவார்கள்.

இப்போது போடும் கீறல் பெரும்பாலும் குறுக்குவாட்டில், பூப்பெலும்புக்கு இரண்டு விரல் மேலே இருக்கும். பிரசவம் முடிந்த வயிறு தளர்ந்து அதன் மேல் மடிந்து விழும். மடிப்புக்குள் காற்று போகாது. வியர்வை தேங்கும். கீழே உதிரப்போக்குக்கு வைத்த நாப்கினின் ஈரமும் அருகில்தான். தண்ணீர் ஊற்றாவிட்டால் அந்த இடம் உலர்ந்துவிடுவதில்லை. ஊறிப்போகிறது.

தோலின் விளிம்புகள் ஒட்டி மேற்பரப்பு மூடிக்கொள்ள ஒன்றிரண்டு நாள் போதும். அதனால்தான் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு தன் வழிகாட்டுதலில் அறுவை முடிந்து 48 மணி நேரம் கழித்துக் குளிக்கலாம் என்கிறது. சிசேரியன் காயத்தை தினமும் மென்மையாகச் சுத்தம் செய்து உலர்த்தச் சொல்வதும் அதே அமைப்புதான். நாங்களும் அதையே சொல்கிறோம். மூன்றாம் நாளிலிருந்து தினமும் ஒரு முறை காயத்தைக் கழுவ வேண்டும். பிரிக்க வேண்டிய தையலாக இருந்தாலும், உள்ளேயே கரையும் தையலாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. தண்ணீர் புகாத ஒட்டு போட்டிருந்தால், அதை எடுக்கச் சொன்ன நாள்வரை கழுவுவது அதன் மேல்தான்.

எப்படி என்று சொல்லாமல் ‘கழுவு’ என்றால் அதுவும் அரைகுறைதான். முதலில் கையை சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். சாதாரண குளியல் சோப்பைக் கையில் நுரைத்து, ஒரு கையால் வயிற்று மடிப்பைத் தூக்கிப் பிடித்து, மறு கையால் நுரையைத் தையல் மேல் தடவி, சொம்புத் தண்ணீரை மேலிருந்து வழியவிட வேண்டும். தேய்க்கக் கூடாது, நார் போடக் கூடாது. தையல் மேல் டெட்டால், மஞ்சள், பவுடர், தேங்காய் எண்ணெய் எதுவும் வேண்டாம். குளத்திலோ ஆற்றிலோ இறங்கி ஊறுவது வேறு விஷயம். அது காயம் முழுதும் ஆறும்வரை கூடாது. கலங்கிய தண்ணீர்தான் வருகிறது என்றால் காய்ச்சி ஆறவைத்தது.

கழுவுவதைவிட முக்கியம் பிறகு செய்வது. காயத்துக்கென்றே துவைத்து வெயிலில் காயவைத்த பருத்தித் துணி ஒன்று தனியாக இருக்க வேண்டும். உடம்பு துடைத்த துண்டு ஆகாது. அந்தத் துணியால் ஒற்றிவிட்டு, மல்லாந்து படுத்து, மடிப்பை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் ஃபேன் காற்றில் இருக்க வேண்டும். வயிறு பெரிதாக மடிந்தவர்கள் மடிப்புக்குள் சுத்தமான மெல்லிய துணியை வைத்து, ஈரமாகும்போதெல்லாம் மாற்ற வேண்டும். ஜட்டியின் எலாஸ்டிக் தையல் மேலேயே உட்காராதபடி தொப்புள் வரை ஏறுகிற ஜட்டி போடலாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் பருமன் உள்ளவர்களுக்கும் இந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் ஒருபோதும் விட்டுக்கொடுப்பதில்லை.

வயிறு கட்டுவது பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடந்தது. அடியோடு வேண்டாம் என்றார்கள் சிலர். ஆனால் கட்டிக்கொண்டு நடந்தால் வலி குறைகிறது என்று தாய்மார்கள் சொல்வது உண்மை. ஆகவே கட்டலாம் என்று முடிவு செய்தோம்: உலர்ந்த பருத்தித் துணியாக, நடக்கும்போது மட்டும், உள்ளே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு. படுக்கும்போது அவிழ்த்துவிட வேண்டும்.

இரண்டாவது வரி ‘சிவந்தால் வரவும்’. எங்கிருந்தோ பெயர்த்து எடுத்து எழுதிய வரி இது. வெளுத்த தோலில் சிவப்பு பளிச்சென்று தெரியும். மாநிறத்திலும் கறுப்பிலும் தெரியாது, அல்லது தெரியும்போது நேரம் கடந்திருக்கும். எங்கள் ஊர்த் தாய்மார்களுக்குக் கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். கழுவிய கையின் புறங்கையைத் தையலின் இரு ஓரங்களிலும் நடுவிலும் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். ஒரு இடம் மட்டும் மற்ற இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா? தொட்டால் கட்டியாக, இறுகி இருக்கிறதா? தோல் பளபளத்து இழுத்தாற்போல் இருக்கிறதா? குறைந்துகொண்டு வந்த வலி மீண்டும் ஏறுகிறதா? இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் அன்றே காட்ட வேண்டும். காய்ச்சலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் வந்துவிட்டால் தையலில் ஒன்றும் தெரியாவிட்டாலும் வர வேண்டும், ஏனென்றால் தொற்று கருப்பையிலும் இருக்கலாம்.

தையலுக்கு மேலே மரத்துப்போனது போல இருப்பதும், அரிப்பதும், முதல் சில நாள் ஓரிரு சொட்டு லேசான நீர் கசிவதும் பயப்பட வேண்டியவை அல்ல. இதையும் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் மரத்துப்போனதற்கு ஓடி வருவார்கள், நாற்றத்துக்கு வரமாட்டார்கள்.

ஒரு தாயின் அனுபவத்தை, அடையாளம் தெரியாதபடி, இங்கே வைக்கிறோம். ஐந்தாம் நாள் டிஸ்சார்ஜ். கரையும் தையல். தாய் வீட்டுக்குப் போனார். கோடை. வயிறு இறுக்கிக் கட்டியிருந்தது, தையலில் தண்ணீர் படவில்லை. ஒன்பதாம் நாள் ஒரு வாடை வந்தது. உதிரப்போக்கின் வாடை என்று அம்மா நினைத்துக்கொண்டார். பத்தாம் நாள் நைட்டியில் ஈரத் திட்டு. குழந்தையை எடை பார்க்க வந்த கிராம சுகாதாரச் செவிலியர், “கண்ணு, கொஞ்சம் படு, தையலையும் பாத்துடறேன்” என்று மடிப்பைத் தூக்கினார். துணி துவைத்த விரல் போலத் தோல் வெளுத்து ஊறியிருந்தது. வலது ஓரத்தில் ஒரு இடம் சூடாக, இறுகி இருந்தது. அழுத்தியதும் கலங்கிய நீர் வந்தது. காய்ச்சல் இல்லை. சிவப்பும் தெரியவில்லை. சீட்டில் எழுதியபடி பார்த்தால் அவர் வரவேண்டியவரே இல்லை.

மருத்துவர் அந்த ஓரத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத் திறந்து தேங்கியதை வெளியேற்றினார். உள்ளே தசையை மூடும் உறை பிரியாமல் இருக்கிறதா என்று பார்த்தார். அது நன்றாக இருந்தது. சுற்றுத் தோல் சூடேறி இறுகியிருந்ததால் ஆண்டிபயாடிக்கும் கொடுத்தார். திறந்த இடத்தை மறுபடி தைக்கவில்லை. மேலே மட்டும் மூடினால் சீழ் உள்ளே தங்கிவிடும் என்பதால், தினமும் சலைன் நனைத்த காஸ் வைத்து, அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வரவிட்டார்கள். மூன்று வாரத்துக்கு மேல் ஆனது. ‘தையல் பிரிஞ்சு போச்சு’ என்று வீட்டில் அழுதார்கள். பிரிந்தது தோல் மட்டும். உள் உறை பிரிந்தால் அறிகுறி வேறு: தையலிலிருந்து திடீரென்று இளஞ்சிவப்பு நீர் குபுக்கென்று துணியை நனைக்கும். அப்போது நடக்கக் கூடாது. படுக்கவைத்து, சுத்தமான துணியால் மூடி, 108-ஐ அழைக்க வேண்டும். தையலைச் சுற்றித் தோல் நீலமாகவோ கறுத்தோ கொப்புளித்தோ போனாலும், வலி தாங்கமுடியாமல் போனாலும் அதே வேகம் வேண்டும்.

மூன்றாவது வரி, ஆறு வாரம். சிசேரியன் காயத் தொற்று பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகுதான், முதல் இரண்டு வாரத்துக்குள் தலைகாட்டுகிறது. அறுவைக்காயத் தொற்றைக் கணக்கிடுபவர்கள் 30 நாள் வரை பார்க்கிறார்கள். நாம் 42-ஆம் நாள் வரச் சொல்கிறோம். ஏழிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஒருவர் மடிப்பைத் தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறோம். இதற்குப் புதிதாக ஆள் வேண்டியதில்லை. குழந்தையைப் பார்க்க வீட்டுக்கு வருபவரே பார்க்கலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பதிவு புகுந்த ஊரில், தாய் இருப்பது பிறந்த ஊரில். டிஸ்சார்ஜ் அன்றே பிக்மி எண்ணோடு அந்த ஊர்ச் செவிலியருக்கு ஒரு போன் போனால் போதும்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. சிசேரியனுக்கு ஆண்டிபயாடிக் கீறுவதற்கு முன் ஊசியாகப் போடப்படுகிறது. தொற்று வராமல் தடுக்க மட்டும் என்று அறுவைக்குப் பிறகும் அதை நீட்டிக்க வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனாலும் ஐந்து நாள் மாத்திரை கட்டிக்கொடுப்பது வழக்கமாகிவிட்டது. காரணத்தோடு எழுதிய மாத்திரையைத் தாய் தானாக நிறுத்தக் கூடாது. எங்கள் ஆட்சேபம் எழுதுகிறவர்களிடம்தான்: மாத்திரை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் காயத்தைக் கழுவும் முறை சொல்லப்படாமலே போகிறது.

பருப்பு, முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும் என்பதும், தண்ணீர் குடித்தால் தையல் ஊறும் என்பதும் உண்மையல்ல. சதை வளரப் புரதம் வேண்டும். குடிக்கிற தண்ணீர் தையலுக்கு வருவதில்லை. பத்தியம் போடுகிறவரிடம் இதை நேரில் சொல்ல வேண்டும், தாயிடம் சொல்லி அனுப்பினால் எடுபடாது. ஆகவே டிஸ்சார்ஜ் நாளில் வீட்டில் கவனித்துக்கொள்ளப் போகும் அம்மாவோ மாமியாரோ கட்டிலருகே இருக்க, தாய் தன் கையாலேயே ஒரு முறை காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். பல தாய்மார்கள் வீடு போகும்வரை அதைப் பார்த்ததே இல்லை. ஒரு கைக்கண்ணாடி போதும்.

மூன்று வரிக்குப் பதிலாக நாங்கள் எழுதிக் கொடுக்கும் வாசகம் இது. எந்த மருத்துவமனையும் எடுத்துக்கொள்ளலாம்.

‘தினமும் ஒரு தடவை சோப்பு நுரை தடவி தையலைக் கழுவும்மா. தனித் துணியால் ஒத்திட்டு, மடிப்பைத் தூக்கிப் பத்து நிமிஷம் காத்துல படு. புறங்கையால தொட்டுப் பாரு. ஒரு இடம் மட்டும் சூடா, கட்டியா இருந்தாலோ, வாடை வந்தாலோ, துணி நனைஞ்சாலோ, வலி ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்னிக்கே வா. ஒண்ணும் இல்லேன்னாலும் பத்தாம் நாளுக்குள்ள சிஸ்டர்கிட்ட காட்டு.’