பெயர்ப் பலகையில் தமிழ்: மொழிபெயர்ப்பதா, ஒலிபெயர்ப்பதா?

சிங்கப்பூரில் 2014ஆம் ஆண்டு வைக்கப்பட்ட சுற்றுலா வழிகாட்டிப் பலகை ஒன்று தமிழர்களைத் திடுக்கிட வைத்தது. சைனாடவுனை அடுத்துள்ள புகழ்பெற்ற உணவு நிலையமான லாவ் பா சாட், அதில் ‘லாவ் பா சனி’ ஆகியிருந்தது. கடைசிச் சொல்லின் மூன்று ஆங்கில எழுத்துகளும் சனிக்கிழமையின் சுருக்கமாகக் கொள்ளப்பட்டு மொழிபெயர்க்கப்பட்டிருந்தன. சனி பிடித்தது என்று பேசும் நம்மவர்களுக்கு அது வெறும் கிழமைப் பெயராகவா தெரியும்? சிங்கப்பூர் பயணத்துறைக் கழகம் மன்னிப்புக் கேட்டது.

லாவ் பா சாட் என்றால் ஹொக்கியன் மொழியில் ‘பழைய சந்தை’ என்று பொருள். அதற்காக அதைப் ‘பழைய சந்தை’ என்று எழுதினாலும் பயனில்லை. டாக்சி ஓட்டுநரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. பெயர்ச்சொல்லின் பொருளைவிட, மக்கள் வாயில் வழங்கும் ஒலியே பலகையில் வரவேண்டும்.

ஒலியை எழுதுவதிலும் சிக்கல் உண்டு. சைனாடவுன் பெருவிரைவு ரயில் நிலையப் பெயரையே எடுத்துக்கொள்வோம். இரண்டு உயிரொலிகளுக்கு நடுவே தனி ‘ட’ வந்தால் ‘நாடகம்’ என்பதில் உள்ளதுபோல் மெலிந்து ஒலிக்கும். ஆங்கிலம் அறியாத ஒருவர் சைனாடவுன் என்பதையும் அப்படியே படிப்பார். வல்லொலி வேண்டுமானால் ‘சைனாட்டவுன்’ என்று இரட்டிக்க வேண்டும். அல்லது ‘சைனா டவுன்’ என்று பிரிக்கலாம். ஆனால் ரயில் நிலையத்தில் ஒரு வடிவம் பழகிவிட்ட பிறகு, பக்கத்துக் கடை வேறு வடிவத்தில் எழுதினால் குழப்பமே மிஞ்சும். ஒலித் துல்லியத்தைவிட அங்கே பழக்கத்துக்கே முதலிடம்.

புதிதாகப் பலகை எழுதும் நிறுவனத்திற்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது முதலிலேயே சரியாக எழுதிவிடலாம். ஃபேர்பிரைஸ் பேரங்காடியின் பெயரில் உள்ள ஆய்த எழுத்தை நீக்கினால் ‘பேர்பிரைஸ்’ ஆகிவிடும். ‘பேர்’ என்றால் நமக்குப் பெயர். நியாய விலை என்ற எண்ணம் காணாமல் போகும். ஒரு புள்ளிக்கூட்டம் செய்யும் வேலை அது.

சில ஒலிகளுக்குத் தமிழில் வழியே இல்லை. கிராப் வாடகைக் கார் நிறுவனத்தின் பெயர் ஆங்கிலத்தில் மெல்லொலியில் முடிகிறது. தமிழில் ‘ப்’ என்று முடித்தால் வல்லொலிதான் வரும். தலைமுடி ‘கிராப்’பும் நினைவுக்கு வரும். இதற்காகப் புது எழுத்தை உருவாக்க வேண்டியதில்லை. நிறுவனத்தின் பச்சை நிறமும் சின்னமும் அருகில் இருந்தால் யாருக்கும் ஐயம் எழாது.

பலகையை அச்சுக்கு அனுப்பும் முன் செய்யக்கூடிய சோதனை எளியது. ஆங்கிலப் பெயரை மறைத்துவிட்டு, தமிழை மட்டும் ஒரு தாத்தாவிடமோ பாட்டியிடமோ கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அதைக் காதால் மட்டும் கேட்பவருக்கு எந்தக் கடை என்று விளங்கினால் எழுத்து சரி. ‘லாவ் பா சனி’ இந்தச் சோதனையில் முதல் நொடியிலேயே சிக்கியிருக்கும்.